நண்பனை நான் பிளாக் பண்ணவில்லை

வாட்ஸ்அப் ஆப்பில் ப்ரைவசி செட்டிங்கை இறுக்கி இரண்டு வருடமாகிறது. ப்ரொஃபைல் படம், அபௌட் இரண்டுக்கும் My contacts. அழைப்புக்கு Silence unknown callers. வைத்த நாள் முதல் நிம்மதிதான், போன வாரம் வரை.

பெயரில்லாத ஒரு நம்பரிலிருந்து ஒரு மெசேஜ்: "ஏன்டா என்னை பிளாக் பண்ணே?"

பழைய நண்பன். புது சிம்முக்கு மாறி, அதில் ஆப்பைப் புதிதாகப் போட்டிருக்கிறான். மூன்று முறை கூப்பிட்டிருக்கிறான். அவன் பக்கம் வழக்கம்போல ரிங் போயிருக்கிறது, என் போன் வாய் திறக்கவில்லை. என் படத்தைப் பார்த்தால் சாம்பல் நிற பொம்மை. அபௌட்டும் காலி. யாராக இருந்தாலும் பிளாக் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் நான் பிளாக் பண்ணியிருந்தால் அவன் மெசேஜ் ஒற்றை டிக்கோடு நின்றிருக்கும். அது என்னிடம் வந்து சேர்ந்ததே சாட்சி. அதைச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

குழப்பமெல்லாம் My contacts என்ற அந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறது. யார் என் நம்பரை வைத்திருக்கிறார்கள் என்பது கணக்கே இல்லை. நான் யார் நம்பரை சேமித்திருக்கிறேன் என்பதுதான் கணக்கு. பதினைந்து வருட நண்பன், புது நம்பரை நான் சேமிக்காததால், அந்நியன் ஆகிவிட்டான். என்றோ குழாய் ரிப்பேருக்கு வந்தவர் நம்பரை சேமித்து மறந்துபோனேன்; அவர் இன்றும் என் குடும்பப் படத்தைப் பார்க்கலாம். அதற்கு My contacts except... என்று ஒன்று இருக்கிறது. அவரை அதில் தேர்ந்தெடுத்தேன். படம் மறைந்தது, அபௌட் மறையவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியலாம்! இரண்டு முறை அதே வேலை. கடைசியில் அவர் நம்பரையே அழித்துவிட்டேன், அது சுலபமாக இருந்தது.

அழைப்பு விஷயத்தில் ஆப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை. Settings, Privacy, Calls என்று போய் ஒரு பட்டனைத் தள்ளினால் போதும். அந்நிய அழைப்பு அடிக்காது, அவ்வளவுதான். அழைப்புப் பட்டியலில் இருக்கும், நோட்டிஃபிகேஷனும் வரும். நண்பனின் மூன்று அழைப்பும் அங்கேதான் இருந்தன, நான் பார்க்கவில்லை. இது ஆப் வழியாக வரும் அழைப்புக்கு மட்டும், சிம்முக்கு நேராக வருவதை இது தொடாது. லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள் அந்த வழியாக இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு யோசனை: மாற்றியபின் உங்கள் போனில் சேமிக்காத ஒரு நம்பரிலிருந்து உங்களையே பாருங்கள். வீட்டில் யாருடைய இரண்டாவது சிம்மாவது கிடைக்கும். நான் இதை இப்போதுதான் செய்தேன்.

நண்பன் நம்பரை சேமித்ததும் என் படம் அவனுக்குத் தெரிந்தது. "பழைய படமே பரவாயில்லை" என்றான். செட்டிங்கை மாற்றப் போவதில்லை, ஆனால் யாருக்கும் சிபாரிசும் செய்ய மாட்டேன்.