எக்செல் லிங்க்: வழி சரியானது, விலை சரியாகவில்லை

பல்லடத்தில் நிட்டிங் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார். "ஏனுங்ணா, காஸ்டிங் ஷீட்டைத் திறந்தா லிங்க் அப்டேட் ஆகலேன்னு மெசேஜ் வருதுங்க. Continue குடுத்துட்டுப் போலாங்ளா?" கூடாது என்று சொன்னேன். ஏன் கூடாது என்பதைப் போனில் விளக்க முடியவில்லை. அவருக்காகவும், ஏப்ரலில் இதே மெசேஜைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற பனியன் கம்பெனிக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பல வருடமாக எக்செல்லில்தான் காஸ்டிங் போடுகிறேன்.

நூல் விலை ஒரு ஃபைலில், ஸ்டைல் காஸ்டிங் வேறு ஃபைலில் என்பது திருப்பூரில் பலரும் வைத்திருக்கும் ஏற்பாடுதான். மாதம் பிறந்து மில் விலை வந்ததும் ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா ஸ்டைலுக்கும் போய்ச் சேரும். இந்த வசதிக்காகத்தான் எக்செல்லை விடாமல் இருக்கிறேன். கோளாறு ஏப்ரலில் ஆரம்பிக்கும். அக்கவுண்ட்ஸில் புது நிதியாண்டுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, விலை ஃபைலை அதற்குள் நகர்த்துவார்கள். காஸ்டிங் ஃபைலுக்கு அது தெரியாது. அதன் செல்லுக்குள் இன்னும் பழைய வழிதான் இருக்கும்:

```
='D:\Nool 2024-25\[Nool Rate.xlsx]Rate'!$C$6
```

ஃபைல் அங்கே இல்லையென்றால் செல்லில் பிழை வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. கடைசியாகப் படித்த மதிப்பை எக்செல் காஸ்டிங் ஃபைலுக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கிறது. Continue கொடுத்தால் அந்தப் பழைய எண் அப்படியே நிற்கும். நிறம் மாறாது, குறி இருக்காது. மார்ச் மாத நூல் விலை கிலோ 262 ரூபாய், புது விலை 276 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டி-ஷர்ட்டுக்கு 220 கிராம் துணி என்றால் பீஸுக்கு 3 ரூபாய் 8 பைசா குறைத்துக் கொட்டேஷன் போய்விடும். பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் அது 30,800 ரூபாய். டையிங் லாஸை இதில் சேர்க்கவே இல்லை. நம் ஊரில் பீஸுக்கு மூன்று ரூபாய் என்றால் சில ஆர்டரில் மொத்த லாபமே அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் மறைக்கிற மென்பொருள் மேல் எனக்குக் கோபம் வருவது நியாயம்தானே?

சரிசெய்வது சுலபம், அதை மனதாரப் பாராட்டுகிறேன். Data டேபில் Edit Links. புது எக்செல்லில் அதே இடத்தில் Workbook Links என்று இருக்கும், அழுத்தினால் வலது பக்கம் ஒரு பட்டியல் திறக்கும். பழைய வழியில் உள்ள Nool Rate.xlsx-ஐத் தேர்ந்து Change Source கொடுத்து, புது ஃபோல்டரில் இருக்கும் ஃபைலைக் காட்ட வேண்டியதுதான். அந்த ஃபைலைத் தொடும் நூறு செல் இருந்தாலும் ஒரே தடவையில் எல்லாம் மாறிவிடும். Find and Replace-இல் வழியை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அதில் ஒரு எழுத்து தப்பானால் ஒவ்வொரு செல்லுக்கும் Update Values என்று ஃபைல் கேட்கும் பெட்டி வந்துகொண்டே இருக்கும், Esc அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துவிடும். Change Source-க்கு அந்தத் தொல்லை இல்லை. பக்கத்திலேயே Break Link இருக்கும், அதன் மேல் கை வைக்காதீர்கள். மெசேஜ் நின்றுவிடும் என்பது உண்மை. ஃபார்முலாவும் போய் வெறும் எண் ஆகிவிடும், Undo கிடையாது.

இவ்வளவுதான் என்றால் இந்தப் பதிவே தேவையில்லை. எங்கள் கம்பெனியில் இந்த ஏப்ரலில் நடந்தது வேறு. Change Source கொடுத்தேன், மெசேஜ் போய்விட்டது, Check Status-இல் OK என்று வந்தது. 30s கோம்ப்டு விலை 262-லிருந்து 270 ஆனது. பார்ப்பதற்குப் புது விலை மாதிரியே இருந்தது. ஆனால் மில் லிஸ்டில் 30s கோம்ப்டு 276. விலை ஃபைலைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 28s கவுன்ட்டுக்குப் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். 30s ஒரு வரி கீழே இறங்கி C7-க்குப் போய்விட்டது. காஸ்டிங் ஷீட் இன்னும் C6-ஐத்தான் படிக்கிறது, அங்கே இருப்பது 28s. வழி சரி, ஃபைல் சரி, எண் மட்டும் வேறு நூலுடையது. கொட்டேஷன் போகும் முன் பிடித்ததால் பீஸுக்கு 1 ரூபாய் 32 பைசா தப்பியது.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு ஃபைலும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது வரி சேர்த்தால், காஸ்டிங் ஃபைலில் உள்ள முகவரியை எக்செல் தானே C7 ஆக்கிவிடும். காஸ்டிங் மூடியிருக்கும்போது சேர்த்தால் அதற்குச் செய்தி போகாது. அக்கவுண்ட்ஸில் விலை ஃபைலைத் திருத்தும் நேரத்தில் மெர்ச்சண்டைசரின் காஸ்டிங் ஃபைல் திறந்திருக்குமா? எங்கே திறந்திருக்கும்!

இதற்கு ஒரு நல்ல தீர்வு எக்செல்லிலேயே இருக்கிறது, அதைக் கண்டபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். விலை ஃபைலில் அந்தச் செல்லைத் தேர்ந்து, ஃபார்முலா பாருக்கு இடதுபுறம் உள்ள சின்னப் பெட்டியில் ஒரு பெயர் அடித்து Enter கொடுங்கள். பிறகு காஸ்டிங்கில் செல் முகவரிக்குப் பதிலாக அந்தப் பெயரைப் போடுங்கள்:

```
='D:\Nool 2025-26\Nool Rate.xlsx'!Combed30
```

வரி சேர்த்தாலும் அந்தப் பெயர் அதே செல்லோடு நகரும். காஸ்டிங் மூடியிருந்தாலும் அடுத்த அப்டேட்டில் சரியான விலை வரும். யாராவது அந்த வரியையே அழித்துவிட்டால் செல்லில் பிழை காட்டும், தப்பான எண் வந்து உட்காராது. எனக்கு வேண்டியதும் அதுதான். பெயர் போட மனமில்லாதவர்கள், விலை ஃபைலில் நூலின் பெயர் இருக்கும் B6-ஐயும் காஸ்டிங்கில் விலைக்குப் பக்கத்துச் செல்லில் லிங்க்காக இழுங்கள். "28s Combed" என்று அங்கே வந்து நிற்கும்போது கண்ணில் படும்.

இன்னொன்று. ஃபைலை நகர்த்தாமல் காப்பி செய்து, பழையதையும் பழைய ஃபோல்டரிலேயே விட்டிருந்தால் மெசேஜே வராது. பழைய ஃபைலிலிருந்து நிம்மதியாகப் பழைய விலையைப் படித்துக்கொண்டிருக்கும், Check Status-உம் OK என்றே சொல்லும். அதனால் ஏப்ரலில் பழைய விலை ஃபைலின் பெயரையாவது மாற்றிவிடுங்கள். மெசேஜ் வரட்டும், அதுவே மேல்.

பல்லடத்து நண்பர் கடைசியாக, "அப்போ லிங்க் நல்லதுங்ளா, கெட்டதுங்ளா?" என்று கேட்டார். Change Source-ஐ இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் பதில் இதுதான்: நூல் விலைக்கு லிங்க் போடாதீர்கள். காஸ்டிங் ஃபைலுக்குள்ளேயே ஒரு ஷீட்டில் விலையை வையுங்கள், மாதம் ஒருமுறை கையால் அடியுங்கள். அவருக்கு இருப்பது ஏழெட்டு ஸ்டைல். எங்களிடம் ஸ்டைல் அதிகம், அதனால் நான் லிங்க்கை விடப் போவதில்லை. ஒவ்வொரு செல்லையும் பெயருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், சாயக் கூலி ஃபைல் இன்னும் பாக்கி.