புதுக் கைத்தறிச் சாறி: உப்பு வினாகிரியா, வெறும் தண்ணியா?

வெள்ளவத்தையில் வாங்கிய மெரூன் பருத்திச் சாறி, கரை வெள்ளை. வீட்டில் பெரியவர்கள் சொல்வது: உப்பும் வினாகிரியும் போட்டு இரவு முழுக்க ஊறவை, சாயம் பிடிக்கும்.

உப்புக்கு வேலை சாயத்தொட்டியில்தான். சாயத்தை நூலை நோக்கித் தள்ளும். நெய்து முடிந்த துணியில் அது எதையும் பூட்டாது. வினாகிரி கம்பளி, பட்டுக்கான அமிலச் சாயங்களோடு சேர்ந்தது, பருத்திக்கு உதவாது. ஊறவைப்பதுதான் உண்மையான ஆபத்து. கழன்ற சாயம் அதே தண்ணியில் நின்று வெள்ளைக் கரையில் ஏறிவிடும்.

வெறும் தண்ணி முறை எதிர்த்திசையில் போகிறது: ஒட்டாத சாயத்தைச் சீக்கிரம் வெளியேற்றுவது. முதலில் ஈரமான வெள்ளைத் துணியை உள்மடிப்பில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் சாறியைத் தனியாக, நிறையக் குளிர்ந்த தண்ணியில் அலசி, தண்ணி சிவந்ததும் மாற்றுங்கள். தண்ணி தெளிவாக வரும்வரை அப்படித்தான். பிறகு கொஞ்சம் மென்மையான சோப்புத்தூள் போதும். முறுக்காமல் உடனே விரித்து நிழலில் காயவிடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் ஃபேன் போடுவது நல்லது, ஈரமாக மடித்து வைத்தால் கறை படும்.

பல அலசலுக்குப் பிறகும் தண்ணி அதே சிவப்பாகவே வந்தால் சாயமிட்டதிலேயே குறை. கடையில் கேளுங்கள்; உப்பைத் தேடாதீர்கள்.