பாலிசியைச் சுருக்கித் தருகிறோம் என்கிறவர்களிடம் போகாதீர்கள், எங்களுக்கு 40,000 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எழுத மாட்டேன். அம்மாவுக்குப் பித்தப்பைக் கல், தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். பாலிசி இருந்தும் கையை விட்டு 40,000 ரூபாய் கூடுதலாகக் கட்டிவிட்டு வந்திருக்கிறோம். பாபநாசம் பக்கம் ரெண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இருக்கிற குடும்பத்துக்கு 40,000 என்ன என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவின் மருத்துவக் காப்பீடு 3 லட்சத்துக்கு, நாலாவது வருஷம் ஓடுகிறது. பாலிசிப் புத்தகம் நாற்பது பக்கத்துக்கு மேல், எல்லாம் பொடி எழுத்து ஆங்கிலம். ஆபரேஷன் தேதி குறித்ததும், இதைத் தமிழில் ரெண்டு பக்கமாகச் சுருக்கித் தருகிற ஒரு ஆன்லைன் சேவை இருக்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் நம்பர் கொடுத்தார். பெயர் சொல்லப் போவதில்லை. “எது கிடைக்கும், எது கிடைக்காது, கிளைம் எப்படி, மூணும் ரெண்டே பக்கத்தில்” என்பதுதான் அவர்கள் விளம்பரம். 750 ரூபாய் கட்டினேன், மறுநாளே வந்துவிட்டது.

நம்பினதற்குக் காரணம் இருக்கிறது. பித்தப்பைக் கல்லுக்கு முதல் 2 வருஷம் காப்பீடு கிடையாது, உங்களுக்கு அது தாண்டிவிட்டது என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். பணம் கட்டாமல் சேருவதானால் 48 மணி நேரம் முன்னால் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், அவசரம் என்றால் சேர்ந்து 24 மணி நேரத்துக்குள் என்பதும் சரி. அப்புறம் சுருக்கிக் கொடுத்த ஆள் போனில் வந்து, அம்மாவிடமே பேசினார். “ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா, ரூம் வாடகை, ஆபரேஷன், மருந்து எல்லாம் இதுல வந்துரும், நல்ல ரூமா பாத்து எடுத்துக்குங்க.” அம்மாவுக்கு அந்தக் குரல் பிடித்துப் போய்விட்டது. நம்ம பக்கத்துப் பேச்சு வேறு.

சுருக்கத்தில் இருந்த வரி இது: “அறை வாடகை: உண்டு.” அவ்வளவுதான். பாலிசியில் இருப்பது என்னவென்றால், ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரை. அதாவது 3,000 ரூபாய். நாங்கள் எடுத்தது 5,000 ரூபாய் தனி அறை. ரெண்டு பேர் தங்குகிற அறை 2,800க்கு இருந்தது, அம்மா பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தது என்று சந்தோஷமாகவே இருந்திருப்பார்.

சரி, நாளைக்கு 2,000 வித்தியாசம், 4 நாளைக்கு 8,000, போகட்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கணக்கு அப்படி இல்லை. உரிமையுள்ள அறையை விட வாடகை கூடின அறையில் தங்கினால், உரிமையுள்ள வாடகை நாம் எடுத்த அறை வாடகையில் எத்தனை சதவீதமோ, மற்றச் செலவிலும் அத்தனை சதவீதம்தான் தருவார்கள். 5,000க்கு 3,000 என்றால் 60 சதவீதம். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங், எல்லாம் சேர்த்து 80,000 பில். அதில் 60 சதவீதம்தான் கொடுத்தார்கள், 32,000 நம் தலையில். அறையில் 8,000, இதில் 32,000, ஆக 40,000. கையுறை, பதிவுக் கட்டணம் மாதிரி சில்லறையில் 5,000 தனியாகப் போனது, அது எந்த அறையில் இருந்தாலும் போயிருக்கும், அதை நான் கேட்கவில்லை.

இன்னொரு கூத்து. மருந்தும் பரிசோதனையும் சேர்ந்து 30,000. அதிலும் 40 சதவீதம் பிடித்து 12,000 கழித்திருக்கிறார்கள். பாலிசியின் வரையறைப் பக்கத்தில், மருந்து, உடம்புக்குள் வைக்கிற உபகரணம், பரிசோதனை இதற்கெல்லாம் இந்த விகிதக் கழிப்பு கிடையாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது, ஐசியு கட்டணத்துக்கும் கிடையாது. அந்தப் பக்க எண்ணைக் குறிப்பிட்டு 12,000ஐத் திருப்பிக் கேட்டு கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறேன். ஆனால் 40,000 விதிப்படி போனது, அதை யாரிடமும் கேட்க முடியாது, அதுதான் வயிறு எரிகிறது.

சுருக்கினவருக்குப் போன் போட்டால், “சுருக்கம்னா எல்லாம் வராது தம்பி” என்கிறார். வாடகைக்கு வரம்பு இருப்பதையே விட்டுவிட்டு என்ன சுருக்கம்? அடுத்து, ஆஸ்பத்திரிக்காரன் சொல்லியிருக்கணுமே என்றார். அதற்கடுத்து, கடைசியில் “விதிமுறைகளுக்கு உட்பட்டது” என்று போட்டிருக்கிறோமே என்றார். இப்போது மெசேஜ் போய்ச் சேருகிறது, ரெண்டு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. அந்த 750ஐயாவது திருப்பித் தரலாம் என்று தோன்றவில்லை பாருங்கள்.

அந்த ரெண்டு பக்கத்தை மூலத்தோடு வைத்து உட்கார்ந்து பார்த்தபோதுதான் என்ன செய்திருக்கிறார்கள் என்று பிடிபட்டது. “விலக்குகள்” என்று தலைப்புப் போட்ட அத்தியாயத்தை மட்டும் எடுத்து இறக்கியிருக்கிறார்கள். போர், அணுக்கதிர், அழகு சிகிச்சை, சாகச விளையாட்டு. எங்கள் அம்மா பாராசூட்டில் குதிக்கப் போகிறாரா? உண்மையில் காசைத் தின்கிறது அந்த அத்தியாயத்திலேயே இல்லை. “இவ்வளவு வரைக்கும்தான்” என்கிற வரம்புகள் எல்லாம், தருகிறோம் என்று சொல்கிற அத்தியாயத்துக்குள்ளேயே, அல்லது முன்னால் உள்ள அட்டவணைப் பக்கத்தில், ஒரு சதவீதமாக ஒளிந்திருக்கும். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு இவ்வளவு, ஆம்புலன்ஸுக்கு இவ்வளவு, வயதானவர் பாலிசி என்றால் ஒவ்வொரு கிளைமிலும் நம் பங்கு இத்தனை சதவீதம். ஒருபோதும் கிடையாது, இப்போதைக்குக் கிடையாது, இவ்வளவுக்கு மேல் கிடையாது, இந்த மூன்றில் மூன்றாவதை விட்டுவிட்டால் மற்ற ரெண்டையும் எவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தும் பிரயோஜனமில்லை.

இதில் கொடுமை, இந்தச் சுருக்கமே இலவசம். வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்றைக் கம்பெனியே பாலிசியோடு தர வேண்டும், 2024 ஜனவரி 1 முதல் புது வடிவத்தில் அது கட்டாயம். வரம்புகள், நம் பங்கு, காத்திருப்புக் காலம், கிளைம் முறை எல்லாம் தனித்தனிக் கட்டமாக, ஒவ்வொன்றுக்கும் பாலிசியின் எந்தப் பிரிவு என்ற எண்ணோடு இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேட்டால் தமிழில் தர வேண்டும்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், ஆஸ்பத்திரி ஃபைலைத் திறந்தாலே கை நடுங்குகிறது, இதை மட்டும் பாருங்கள். யார் சுருக்கிக் கொடுத்தாலும் ஒவ்வொரு வரிக்கும் பிரிவு எண் இல்லை என்றால் தூக்கிப் போடுங்கள். “உண்டு” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ரூபாயோ சதவீதமோ இல்லை என்றால் எவ்வளவு வரை என்று கேளுங்கள். சேருவதற்கு முன் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் மேஜையில் “எங்களுக்கு உரிமையுள்ள அறை வாடகை எத்தனை ரூபாய்” என்று எழுதி வாங்குங்கள். கழித்ததற்கு வரிவரியாகக் கணக்குக் கேளுங்கள். கம்பெனி 30 நாள் ஆகியும் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் சரியில்லை என்றால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், செலவில்லை, வக்கீல் வேண்டாம். என்னுடைய 12,000 அங்கேதான் போகும் போலிருக்கிறது.

அந்த ஆள் இன்னும் கும்பகோணம், மன்னார்குடி குரூப்புகளில் எல்லாம் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார், இப்போது பயிர்க் காப்பீட்டையும் சுருக்கித் தருகிறாராம். ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறவர்கள் அறை வாடகை வரியை மட்டுமாவது இன்றைக்கே மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.