சென்ட்ரிங் வாடகை ஒப்பந்தத்தைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றி ஒப்பிடுவது: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

வீடு கட்டித் தரும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கணக்குப் பார்க்கிறேன். சென்ட்ரிங் தகடு, ஜாக்கி, கலவை மெஷின் எல்லாமே வாடகைச் சரக்குதான். கடைக்குக் கடை ஒப்பந்தத் தாள் வேறு. எது மலிவு என்று போனில் கேட்டால் நாள் வாடகையை மட்டும்தான் சொல்வார்கள். அதனால் ஒப்பந்தங்களை ஸ்கேன் செய்து, டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து எழுத்தாக்கி, வேண்டியதைக் கூகுள் ஷீட்ஸுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

எழுத்தாக்கும் வேலையை முழுதாக நம்ப முடியாது. அச்சடித்த பத்திகள் ஓரளவு சரியாக வரும். கட்டம் போட்ட விலைப் பட்டியல்தான் குலைந்துவிடும், எந்த விலை எந்தப் பொருளுக்கு என்று தெரியாது. ₹ குறி சில சமயம் 7 ஆகிவிடும். 2 ரூபாய் 72 ஆனால் கண்ணில் படும், 150 ரூபாய் 7150 ஆகித் தகட்டின் விலைக் கட்டத்தில் உட்கார்ந்தால் சட்டென்று படாது. பேனாவால் அடித்துத் திருத்தியதை அது படிப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் எண்களை மட்டும் தாளைப் பார்த்துக் கையால்தான் அடிக்கிறேன். பக்கத்துக் கட்டத்தில் அந்த விதியின் வரியை அப்படியே ஒட்டி, பக்க எண்ணும் போட்டுவிடுவேன். பின்னால் சண்டை வந்தால் அந்த வரிதான் உதவும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 1,000 சதுர அடித் தளம். 3க்கு 2 அடித் தகடு என்றால் ஒன்று 6 சதுர அடி, ஓரங்களுக்கும் சேர்த்து 170 தகடு. தகடு அடுக்கிக் கம்பி கட்ட 8 நாள், கான்கிரீட் போட்டபின் 14 நாள், ஆக 22 நாள். நான்கரை மீட்டர் வரை அகலமான தளத்துக்கு 7 நாளில் முட்டு எடுக்கலாம் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி IS 456. அதற்கு மேல் போனால் 14 நாள். எங்கள் ஹால் கொஞ்சம் அகலம், அதனால் 14.

முதல் கடையில் தகடுக்கு நாளுக்கு ஒன்றரை ரூபாய், குறைந்தது 30 நாள். இரண்டாவது கடையில் 2 ரூபாய், குறைந்தது 15 நாள். முதல் கடைக்கு 7,650 வருகிறது, இரண்டாவதற்கு 7,480. நாள் வாடகை கூடுதலாக இருக்கும் கடைதான் இங்கே மலிவு.

அப்புறம் சேதம். பழைய செலான்களைப் பார்த்தால் ஒரு தளத்துக்கு நாலு தகடு காணாமல் போகும், ஆறு வளையும். காணாமல் போனதற்கு 1,800, வளைந்ததற்கு 150 என்று முதல் கடை பிரித்து எழுதியிருக்கிறது, மொத்தம் 8,100. இரண்டாவது கடைத் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரே வரி: தொலைந்தாலும் வளைந்தாலும் புதுத் தகட்டின் விலை 1,500. பத்துத் தகடுக்கு 15,000. இப்போது முதல் கடை 15,750, இரண்டாவது 22,480. வாடகையில் வந்த 170 ரூபாய் லாபத்தை யார் பார்க்கிறார்கள்!

சூத்திரம் சின்னதுதான். B எண்ணிக்கை, C நாள் வாடகை, D குறைந்தபட்ச நாள், F நமக்குத் தேவைப்படும் நாள். G, H தொலைவதும் அதன் விலையும். I, J வளைவதும் அதன் விலையும்.

```
=B2*C2*MAX(D2,F2)+G2*H2+I2*J2
```

இதில் ஒரு பொறி இருக்கிறது. H2வில் "1800 ரூ" என்று எழுத்தோடு அடித்தால் #VALUE! என்று கத்திவிடும். D2வில் "30 நாள்" என்று அடித்தால் MAX அதை எண்ணாக மதிக்காமல் விட்டுவிட்டு, சத்தமில்லாமல் 22ஐ எடுத்துக்கொள்ளும். முதல் கடை 15,750க்குப் பதில் 13,710 என்று அழகாக வந்து நிற்கும். D நிரலுக்கு டேட்டா வேலிடேஷனில் எண் மட்டும் என்று பூட்டிவிடுவது நல்லது.

ஒப்பந்தத்தில் சேதத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றால் பூஜ்யம் போடாதீர்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152 பிரிவுகள்படி, தனி ஒப்பந்தம் இல்லாதபோது, சாதாரண மனிதர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு கவனம் எடுத்திருந்தால் போதும், இழப்புக்குப் பொறுப்பு இல்லை. ஆனால் மொட்டைக் கம்பி வேலிகூட இல்லாத மனையில் இரவில் தகடு போனால், கவனம் எடுத்தோம் என்று காட்டுவது கஷ்டம். அந்த வரிசைக்குச் சிவப்பு நிறம் கொடுத்து, கடைக்காரரிடம் விலையைக் கேட்டு எழுதி வாங்கியபிறகுதான் நிரப்புகிறேன்.

இந்த முறைக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. மழை வந்து கான்கிரீட் தள்ளிப்போனால் F மாறும். 30 நாளைத் தாண்டினால் சில கடைகள் நாள் கணக்குக்குப் போகும், சில கடைகள் இன்னொரு முழு மாதம் போட்டுவிடும். அதற்குத் தனி நிரல் வைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் தேடினால் பாதிக் கடைகளில் அந்த வரியே இருப்பதில்லை.