தொடக்க ஆண்டும் இறுதி ஆண்டும் மட்டும் கையில் இருந்தால்: சிறுதொழிலின் வளர்ச்சியை எந்த விகிதத்தில் சொல்வது?

எங்கள் குடும்பத்தின் சிறு அச்சகத்துக்கு ரொக்கக் கடன் வரம்பை உயர்த்தித் தரக் கேட்டு வங்கிக்கு விண்ணப்பம் தயாரித்தபோது, தொழில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்ந்திருக்கிறது என்ற ஒரே கேள்விக்கு நான்கைந்து விடைகள் மேசைக்கு வந்தன. எல்லாமே ஒரே கணக்குப் புத்தகங்களிலிருந்து எடுக்கப்பட்டவை; எதிலும் கூட்டல் கழித்தல் பிழை இல்லை. அவற்றுள் நாங்கள் தேர்ந்தெடுத்தது சிஏஜிஆர் எனப்படும் கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதத்தை. ஏன் அது, எந்த நிபந்தனையோடு அது என்பதை, எளிதாகப் பின்தொடரும் அளவுக்கு முழுமையாக்கிய தொகைகளைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

2018-19 நிதியாண்டில் விற்றுமுதல் 80 லட்சம் ரூபாய்; 2023-24 நிதியாண்டில் 1 கோடியே 28 லட்சம். இந்த இரண்டு எண்கள் மட்டுமே தெரியும் என்றால், போட்டியில் இருப்பவை இரண்டே வழிகள்தாம். மொத்த வளர்ச்சியான 60 சதவீதத்தை ஐந்தால் வகுத்து ஆண்டுக்கு 12 சதவீதம் என்று சொல்வது ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டின் மீது ஒரே விகிதத்தில் வளர்ந்திருந்தால் 80 லட்சம் 1.28 கோடியாக எந்த விகிதம் தேவைப்பட்டிருக்கும் என்று கேட்பது மற்றொன்று. அதுவே கூட்டு விகிதம், இங்கே 9.86 சதவீதம்.

நேரடி வகுத்தலில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. 80 லட்சத்தை ஆண்டுக்கு 12 சதவீதம் வீதம் ஐந்து முறை உயர்த்திப் பார்த்தால் ஏறத்தாழ 1.41 கோடி வருகிறது, நடந்ததோ 1.28 கோடி. தான் புறப்பட்ட இடத்திலிருந்து தான் சென்று சேர்ந்த இடத்துக்கே திரும்பக் கொண்டுசேர்க்க முடியாத விகிதத்தை அடுத்த ஆண்டின் மதிப்பீட்டுக்கு அடிப்படையாக வைக்க இயலாது.

இடைப்பட்ட ஆண்டுகளின் கணக்கும் கிடைக்குமானால் மூன்றாவதாக ஒரு வழி வந்து சேரும்: ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சியையும் தனித்தனியே கண்டு சராசரி எடுப்பது. எங்கள் விற்றுமுதல் லட்சத்தில் 80, 84, 56, 90, 112, 128 என்று சென்றது. நடுவே 56 லட்சமாக விழுந்தது 2020-21. பொதுமுடக்கத்தால் திருமண அழைப்பிதழ்களும் பள்ளிக்கூட வேலைகளும் நின்றுபோன ஆண்டு அது. ஆண்டு வளர்ச்சிகளைச் சராசரி எடுத்தால் 14.2 சதவீதம் வருகிறது. இது நேரடி வகுத்தலைவிடவும் ஏமாற்றக்கூடியது. 84 லட்சம் 56 லட்சமாக இறங்கியது 33 சதவீத இழப்பு. ஆனால் அந்த 56 மறுபடியும் 84 ஆக 50 சதவீதம் ஏற வேண்டும். இறக்கத்தைச் சிறிய எண்ணாகவும் அதே தூரத்து ஏற்றத்தைப் பெரிய எண்ணாகவும் எழுதிச் சராசரி எடுத்தால், விழுந்து எழுந்த தொழில் நிதானமாக வளர்ந்த தொழிலைவிட வேகமானதாகத் தோற்றம் தரும். ஏற்ற இறக்கம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு இந்தச் சராசரி உயரும்.

கணக்கிடும் முறை எளிது. இறுதித் தொகையைத் தொடக்கத் தொகையால் வகுத்து, அந்த ஈவுக்கு ஐந்தாம் படிமூலம் கண்டு, ஒன்றைக் கழிக்க வேண்டும். எக்செல்லில் இப்படி:

```
=(128/80)^(1/5)-1
=RRI(5,80,128)
```

இரண்டும் 0.0986 என்றே விடை தரும். முதல் வரியில் 1/5-ஐச் சுற்றியுள்ள அடைப்புக்குறியை விட்டுவிட்டால், எக்செல் படியை முதலில் கணக்கிட்டுப் பிறகு ஐந்தால் வகுத்து, வளர்ந்த தொழிலுக்கு −68 சதவீதம் என்று காட்டும். இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத தவறு ஆண்டுகளை எண்ணுவதில் நேர்கிறது. 2018-19 முதல் 2023-24 வரை ஆறு ஆண்டுக் கணக்குகள் இருப்பதால் பலர் ஆறு என்று போட்டுவிடுகிறார்கள், விடை 8.15 சதவீதம் என்று நம்பத்தகுந்த தோற்றத்தோடு வந்து நிற்கும். எண்ண வேண்டியது கணக்குகளை அல்ல, அவற்றுக்கு இடையிலான தாவல்களை. 2019 மார்ச்சில் முடிந்த ஆண்டிலிருந்து 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு ஐந்து தாவல்கள். சரிபார்க்க ஒரு சாதாரணக் கால்குலேட்டர் போதும்: 80-ஐ 1.0986-ஆல் ஐந்து முறை பெருக்கினால் 87.9, 96.6, 106.1, 116.5, 128.0 என்று வந்து முடியும். ஐந்தாவது பெருக்கலில் 128-ஐத் தொடாத விகிதம் எதுவும் பிழையானதே.

இனி, இந்த முழு விஷயத்தையும் தீர்மானிக்கிற இடத்துக்கு வருகிறேன். கூட்டு விகிதத்துக்குள் இரண்டே தொகைகள்தாம் நுழைகின்றன. நடுவில் உள்ள நான்கு ஆண்டுகளையும் எப்படி மாற்றி எழுதினாலும் விடை ஒரு புள்ளிகூட நகராது. ஆனால் முனைகளில் ஒன்றைத் தொட்டால் உடனே நகரும். ஆகவே இந்த விகிதத்தின் நம்பகத்தன்மை முழுவதும், எந்த ஆண்டைத் தொடக்கமாக வைத்தோம் என்பதில் அடங்கியிருக்கிறது. எங்களுடைய அதே புத்தகத்தில், 2018-19-லிருந்து தொடங்கினால் 9.9 சதவீதம், 2019-20-லிருந்து தொடங்கினால் 11.1, 2020-21-லிருந்து தொடங்கினால் 31.7.

தொழிலில் பங்குதாரராக இருக்கும் என் சித்தப்பா மகன் அந்தக் கடைசி எண்ணைத்தான் விரும்பினான். "பொய்யான கணக்கு ஒன்றும் இல்லையே அண்ணா, மூன்று வருடத்தில் அவ்வளவு வளர்ந்தது உண்மைதானே?" என்று கேட்டான். உண்மைதான். ஆனால் அந்த 31.7 சதவீதத்தின் கணிசமான பகுதி, ஏற்கெனவே நம்மிடம் இருந்து நின்றுபோன வேலைகள் திரும்பி வந்ததைக் குறிக்கிறது. புதிதாகச் சேர்ந்த வாடிக்கையாளர்களை அல்ல. திரும்பி வந்த வேலை ஒருமுறைதான் திரும்பி வரும். அடுத்த ஆண்டும் அதே வேகம் கிடைக்கும் என்று எழுதுவதற்கு அந்த எண்ணில் ஆதாரம் இல்லை.

இந்த வேறுபாடு காகிதத்தோடு நிற்பதும் இல்லை. 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட நடைமுறை மூலதன வரம்புகளுக்கு ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு வகுத்த விற்றுமுதல் முறையை வங்கிகள் பின்பற்றும்போது, வரும் ஆண்டில் எதிர்பார்க்கும் விற்றுமுதலில் 25 சதவீதத்தை மொத்தத் தேவையாகக் கொண்டு, விற்றுமுதலின் 5 சதவீதத்தை உரிமையாளரும் 20 சதவீதத்தை வங்கியும் ஏற்பதாகக் கணக்கிடுகிறார்கள். 9.86 சதவீதம் வளர்வோம் என்றால் அடுத்த ஆண்டின் விற்றுமுதல் 1.41 கோடி, வரம்பு ஏறத்தாழ 28 லட்சம். 31.7 சதவீதம் என்றால் 1.69 கோடி, வரம்பு ஏறத்தாழ 34 லட்சம். கூடுதலாக வரும் அந்த 6 லட்சம் இனிமையாகத்தான் தெரியும். ஆனால் மாதந்தோறும் சமர்ப்பிக்கும் சரக்கிருப்பையும் வரவேண்டிய பாக்கியையும் பார்த்தே எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி அனுமதிக்கும். ஜிஎஸ்டி படிவங்களில் உள்ள விற்பனையோடு மதிப்பீட்டை ஒப்பிட்டும் பார்க்கும். சொன்ன விற்பனை வராவிட்டால், அடுத்த புதுப்பித்தலின்போது நம் மதிப்பீடு எதையும் அவர்கள் முழுதாக நம்பமாட்டார்கள்.

எனவே தொடக்க ஆண்டைத் தேர்ந்தெடுக்க நாங்கள் வைத்த அளவுகோல் இது: பன்னிரண்டு மாதமும் தொழில் நடந்த, அசாதாரணச் சரிவோ ஒருமுறை மட்டும் வந்த பெரிய வேலையோ இல்லாத ஆண்டாக அது இருக்க வேண்டும். புதிய தொழில்களில் இது மிகவும் முக்கியம். டிசம்பரில் தொடங்கிய கடையின் முதல் நிதியாண்டில் நான்கு மாத விற்பனைதான் இருக்கும்; அதைத் தொடக்கமாக வைத்தால் விகிதம் மூன்று இலக்கத்தைக்கூடத் தொடும். நான்கு மாதத்தை மூன்றால் பெருக்கி ஆண்டாக்குவதும் எங்களைப் போன்ற தொழிலுக்குப் பொருந்தாது. காலண்டர், டைரி வேலைகள் ஆண்டின் இறுதி மாதங்களில் குவிவதால், அந்த மாதங்களைப் பெருக்கினால் இல்லாத விற்பனை வந்துவிடும். முதல் முழு ஆண்டு வரை ஒரு தாவலை விட்டுக்கொடுப்பதே நல்லது.

இறுதி ஆண்டுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலுக்குத் தமிழகத்தில் ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு நடந்ததால், துண்டறிக்கை வேலைகளில் ஒரு பகுதி மார்ச்சிலேயே, அதாவது 2023-24 கணக்கிலேயே விழுந்தது. எங்களுக்கு அது சிறு தொகை என்பதால் கழிக்கவில்லை. அதுவே 8 லட்சமாக இருந்திருந்தால், கழித்த பிறகு விகிதம் 8.4 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும்.

இரு முனைகளும் ஒரே அளவையில் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் விற்பனையை வாட் வரியையும் சேர்த்து எழுதியிருந்து, இன்றைய விற்றுமுதலை வரி நீக்கி எழுதினால், தொடக்கம் வீங்கி விகிதம் குறைந்து காட்டும். நாங்கள் 2018-19-க்கு முன்னால் போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லா ஆண்டுகளையும் சேர்த்துப் போக்குக் கோடு வரைந்து விகிதம் காணும் வழியும் உண்டு. எக்செல்லின் LOGEST அதைச் செய்கிறது. எங்கள் ஆறு எண்களுக்கு அது 1.111 என்று தருகிறது, ஒன்றைக் கழித்தால் 11.1 சதவீதம். முனைகளின் ஆதிக்கம் அதில் குறைவு என்பது உண்மையான அனுகூலம். ஆனால் இடைப்பட்ட கணக்குகள் இல்லாதவர்களுக்கு அது பயன்படாது. ஆறே புள்ளிகள் மீது வரைந்த கோட்டை எவ்வளவு நம்பலாம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நான் அதைப் பயன்படுத்தியதும் இல்லை. மாதக் கணக்கு பல ஆண்டுகளுக்கு வைத்திருப்பவர்கள் அதை முயன்று பார்ப்பது தகும். ஓரிரு ஒப்பந்தங்களையே நம்பி நடக்கும் கட்டுமானத் தொழில் போன்றவற்றுக்கு இவற்றில் எந்த விகிதமும் அதிகம் சொல்லாது என்றே நினைக்கிறேன். அந்தத் துறையில் என் அனுபவம் குறைவு.

விண்ணப்பத்தில் நாங்கள் எழுதியது: "கூட்டு ஆண்டு வளர்ச்சி 9.86%, 2018-19 ரூ.80 லட்சம் முதல் 2023-24 ரூ.128 லட்சம் வரை, ஐந்து ஆண்டு இடைவெளி." அதன் கீழே 2020-21-இன் 56 லட்சத்தையும் அதற்கான காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்தோம். அந்த விகிதத்தை அடுத்த ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும் நீட்டினோம்; அதற்கு அடுத்த ஆண்டின் மதிப்பீட்டைக் கையில் இருந்த ஆர்டர்களை வைத்துத் தனியாகப் போட்டோம்.