சாட்டில் "அதை மறந்துடு" என்றால் உண்மையில் என்ன ஆகிறது?

ஏஐ சாட்டைத் தினமும் வேலைக்குப் பயன்படுத்துகிறேன். பேச்சின் நடுவே "முன்னாடி சொன்னதை மறந்துடு" என்று எழுதினால், சரி என்று உடனே பதில் வந்துவிடும். ஆனால் சொன்ன விஷயம் எங்கும் போய்விடுவதில்லை.

நண்பரின் பழைய ஸ்கூட்டரை விற்க விளம்பரம் எழுதவைத்தபோது இதைத் தெளிவாகப் பார்த்தேன். 40,000 கிடைத்தாலே கொடுத்துவிடுவார் என்று முதலிலேயே எழுதியிருந்தேன். பிறகு அந்த விலையை மறக்கச் சொல்லி, வண்டி எந்த வருஷத்தது, எவ்வளவு ஓடியிருக்கிறது, டயர் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நியாயமான விலை கேட்டேன். 40,000 முதல் 44,000 வரை என்றது. அதே விவரங்களை, விலைப் பேச்சே எடுக்காமல், புது சாட்டில் கொடுத்தால் 50,000ஐத் தாண்டியது. ஒரே கேள்விக்கே ஒவ்வொரு முறையும் பதில் கொஞ்சம் மாறும் என்பதால் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். இடைவெளி குறையவில்லை.

காரணம் எளிமையானது. நாம் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் பொதுவாக அந்த சாட்டின் முதல் வரியிலிருந்து எல்லாமே மாடலுக்கு மறுபடி போகிறது. அதைப் படித்துத்தான் பதில் எழுதுகிறது. "மறந்துடு" என்பது அடியில் சேரும் இன்னொரு வரி, அவ்வளவுதான். பழைய வரி மேலே அப்படியே இருக்கிறது. "40,000ஐ மறந்துடு" என்று எண்ணைச் சொல்லியே கேட்டால், அந்த எண் இன்னொரு தடவையும் உள்ளே ஏறிவிடுகிறது.

பதிலின் நீளம், நடை போன்றவற்றை மாற்றச் சொன்னால் பெரும்பாலும் கேட்கிறது. கடைசியாகச் சொன்னதைப் பின்பற்றினால் அங்கே போதும். விலை, மதிப்பெண், ஒருவரைப் பற்றிய அபிப்பிராயம் என்று முடிவைச் சாய்க்கக்கூடிய தகவல்களில்தான் சிக்கல். நினைவிருக்கிறதா என்று அதனிடமே கேட்பது சரியான சோதனை இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டு, பதிலில் பழைய தகவலின் பக்கமே சாயக்கூடும். புது சாட்டில் கேட்டு ஒப்பிட்டால்தான் தெரியும்.

எனக்குப் பலன் தருவது பழைய செய்தியையே எடிட் செய்வது. அதன் பக்கத்தில் இருக்கும் பென்சிலைத் தட்டி, விலை வரியை அழித்துவிட்டு மறுபடி அனுப்புகிறேன். அதற்குக் கீழே நடந்த பேச்சு முழுவதும் விலகி, உரையாடல் அங்கிருந்து புதிதாகக் கிளம்புகிறது. எண்ணைத் திருப்பிச் சொன்ன மாடலின் பதில்களும் கூடவே போய்விடுகின்றன, அது முக்கியம். எடிட் வசதி இல்லாத செயலியில் புது சாட்தான் வழி.

புது சாட்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு சாட்டில் சொன்னதை அடுத்த சாட்டுகளுக்கும் சேமித்து வைக்கும் மெமரி வசதி ஆனில் இருந்தால் பழைய தகவல் அங்கேயும் வரலாம். சேமித்த மெமரி தனியாக இருப்பதால், சாட்டை அழித்தால் மட்டும் அது போகும் என்று நம்ப முடியாது. செட்டிங்ஸில் மெமரிப் பட்டியலைத் திறந்து, அந்த வரியைத் தேடி நீக்கிவிட்டே அடுத்த கேள்வியைக் கேட்கிறேன்.