ஒரே திரை, மூன்று பாதைகள்: ஆர்.சி.எஸ். செய்திகளோடு சில ஆண்டுகள்

ஐபோனுக்கு மாறிய நண்பர் ஒருவர், “இப்போதுதான் ஆர்.சி.எஸ். இதிலும் வந்துவிட்டதே, இனி வாட்ஸ்அப் எதற்கு?” என்று கேட்டார். ஆர்.சி.எஸ். என்பது பழைய குறுஞ்செய்திக்கு மாற்றாக, கைபேசியின் செய்திச் செயலியிலேயே இணையத் தரவு வழியாகச் செய்தி அனுப்பும் வசதி. ஆண்ட்ராய்டு கைபேசியில் அதைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் அவருக்கு உடனே ஒரு பதிலைச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பதிலுக்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதுபவர்களுக்கு ஆர்.சி.எஸ். தருகிற நிம்மதி, ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவர்களுக்குப் புரிவது கடினம். பழைய குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டுகள். அதில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும், தமிழோ 70 இடங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். அந்த எழுபதும் நாம் கண்ணால் எண்ணுகிற எழுத்துகள் அல்ல. உயிர்மெய்யின் துணைக்குறிகளும் புள்ளியும் தனித்தனி இடங்களாகக் கணக்கிடப்படுவதால், “நாளை காலை பத்து மணிக்கு வருகிறேன்” என்ற வரியில் நாம் பார்ப்பது 16 எழுத்துகளும் 4 இடைவெளிகளும்தான் என்றாலும், அது 33 இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. இப்படி இரண்டு வரிகள் எழுதினால் ஒரு குறுஞ்செய்தி ஏறத்தாழ நிரம்பிவிடும். ஆங்கிலச் செய்தியின் நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தாலும் முழுச் செய்திக்கும் 70 என்ற அளவுதான் பொருந்தும். நீளமாக எழுதினால் செய்தி துண்டுகளாகப் பிரியும். துண்டுகளை மீண்டும் ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் தேவைப்படுவதால் துண்டுக்கு 67 இடங்களே மிஞ்சும். ஆக 300 இடங்கள் கொண்ட ஒரு சாதாரணக் குடும்பக் கடிதம் ஐந்து குறுஞ்செய்திகளாகக் கணக்கில் ஏறும். ஆர்.சி.எஸ்.ஸில் அதே கடிதம் இணையத் தரவு வழியாக ஒரே செய்தியாகப் போய்ச் சேர்கிறது. சேர்ந்ததா, படிக்கப்பட்டதா என்பதும் தெரிகிறது. படங்களும் மங்கிப் போகாமல் செல்கின்றன. இதற்கெல்லாம் தனிக் கணக்கோ தனிச் செயலியோ தேவையில்லை, கைபேசி எண்ணே போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதை அணைக்காமல் வைத்திருக்கிறேன்.

எரிச்சல் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரே செய்திச் செயலியில், ஒரே மாதிரித் தோன்றும் உரையாடல்களில், நான் அனுப்புவது மூன்று வெவ்வேறு பாதுகாப்பு நிலைகளில் பயணிக்கிறது. எந்த நிலை என்பதை நான்தான் ஒவ்வொரு முறையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். ஓர் அடையாள அட்டையின் எண்ணை மூன்று பேருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அப்பா ஊரில் இருக்கிறார். தேவையில்லாத நேரத்தில் தரவை அணைத்து வைப்பது அவருடைய வழக்கம். சேராத செய்தியைத் தானாக மறுபடி அனுப்பும் தெரிவு இயங்கினால், அவருக்குச் செல்வது குறுஞ்செய்தியாக மாறும். கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே அலைவரிசை அளவில் மறையாக்கம், அதாவது பிறர் படிக்க முடியாதபடி உருமாற்றும் ஏற்பாடு, இருக்கலாமே தவிர, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்தில் அந்த எண் படிக்கக்கூடிய உரையாகவே இருக்கும். தம்பியிடம் இருப்பது ஐபோன். 2024 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 18 உடன் ஆப்பிள் ஆர்.சி.எஸ்.ஸை ஏற்றது, ஆனால் அப்போது வந்த வடிவத்தில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் இடையே, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முனைக்கு முனை மறையாக்கம் இடம்பெறவில்லை. அந்த வடிவத்தில் செய்தி வழியில் பாதுகாக்கப்படுகிறது, ஆனால் இடையில் உள்ள வழங்கியை நடத்துபவரால் அதைத் திறந்து பார்க்க முடியும். மூன்றாமவர் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் தோழி. இருவரிடமும் கூகுள் மெசேஜஸ் இருந்து, இருவருக்கும் ஆர்.சி.எஸ். இயங்கினால், 2021 முதல் இருவருக்கிடையிலான உரையாடல் சிக்னல் நெறிமுறையால் பூட்டப்படுகிறது; வழங்கியின் கைக்குச் சிக்குவது புரியாத எழுத்துக் குவியல் மட்டுமே. அதே எண், அதே திரை, அதே விரல் தட்டல். நிலைகள் மட்டும் மூன்று.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொன்னால் அது அநியாயம். எழுதும் பெட்டியில் `RCS message` என்று மங்கலாகத் தெரிந்தால் ஒரு நிலை, `Text message` என்றால் குறுஞ்செய்தி. அனுப்பும் பொத்தானிலும் செய்தியின் நேரத்துக்கு அருகிலும் சிறிய பூட்டுக்குறி தெரிந்தால் மட்டுமே அது முனைக்கு முனை பூட்டப்பட்டது. ஆனால் தட்டச்சு செய்யும் மும்முரத்தில் அந்த மங்கலான எழுத்துகளை யார் பார்க்கிறார்கள்? குழுவில் கதை இன்னும் சிக்கலாகிறது: பூட்டை ஏற்காத கைபேசி வைத்திருக்கும் ஒருவரைச் சேர்த்தால், எல்லோருக்கும் பூட்டு போய்விடுகிறது.

வணிக நிறுவனங்கள் அனுப்பும் ஆர்.சி.எஸ். செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறுவனத்தின் பெயரும் சின்னமும் சரிபார்ப்புக் குறியும் இருப்பதைப் பார்த்து அது பாதுகாப்பான உரையாடல் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அந்தக் குறி சொல்வது, அனுப்பியவர் யார் என்பது சரிபார்க்கப்பட்டது என்பதை மட்டும்தான். நீங்கள் பதிலாக எழுதுவதை வழங்கியால் படிக்க முடியாது என்று அது சொல்லவில்லை. கடன் விளம்பரங்கள் இந்த வழியில் பெருகியபோது, 2022இல் இந்தியாவில் வணிக விளம்பரச் செய்திகளைக் கூகுள் நிறுத்தி வைத்ததும் நினைவிருக்கலாம்.

வாட்ஸ்அப்போ சிக்னல் செயலியோ இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்குக் காரணம், அவற்றின் தனிப்பட்ட உரையாடல்கள் வேறு வடிவத்துக்கு இறங்கிப் போவதில்லை என்பதுதான். எதிர்முனையில் தரவு இல்லையென்றால் செய்தி ஒற்றைக் குறியோடு காத்திருக்கும், குறுஞ்செய்தியாக உருமாறாது. இது ஒரு குறை போலத் தோன்றினாலும், ரகசியத்தைப் பொறுத்தவரை இதுதான் பலம். அந்தச் செயலிகளிலும் எல்லைகள் உண்டு: யார் யாருடன் எப்போது பேசினார்கள் என்ற விவரம் வெவ்வேறு அளவில் நிறுவனத்துக்குத் தெரியக்கூடும், வாட்ஸ்அப்பின் மேகக் காப்புப்பிரதிக்கான மறையாக்கத்தை நாமே தேர்ந்து இயக்க வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் ஆர்.சி.எஸ்.ஸின் குறையைத் தீர்க்கும் வேலையும் நடக்கிறது. இந்தத் தரத்தை வகுக்கும் ஜி.எஸ்.எம்.ஏ., 2025 மார்ச்சில் எம்.எல்.எஸ். என்ற பொது மறையாக்க நெறிமுறையின் அடிப்படையில் முனைக்கு முனை மறையாக்கத்தை விதிகளில் சேர்த்தது. வெவ்வேறு நிறுவனங்களின் செயலிகளுக்கிடையே பூட்டைக் கொண்டுபோக இதுதான் சரியான வழி. ஆனால் விதியில் எழுதியது கைக்கு வருவதற்குக் கைபேசி நிறுவனம், செயலி, தொலைத்தொடர்பு நிறுவனம் என்று எல்லோரும் சேர்ந்து வர வேண்டும். அதுவரை பூட்டுக்குறி தெரியாத உரையாடலை நான் திறந்த உரையாடலாகவே எடுத்துக்கொள்வேன்.

இத்தனை புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் சொன்ன பதில், “வாட்ஸ்அப்பை நீக்காதே” என்பதுதான். என் கைபேசியில் ஆர்.சி.எஸ். அமைப்புகளுக்குள் சென்று, சேராத செய்தியைத் தானாகவே குறுஞ்செய்தியாக மறுபடி அனுப்பும் தெரிவை அணைத்து வைத்திருக்கிறேன். சேராவிட்டால் சேராமலே இருக்கட்டும், நான் அழைத்துச் சொல்லிக்கொள்கிறேன். அந்த அடையாள அட்டை எண் தம்பிக்கு வாட்ஸ்அப்பிலும், தோழிக்குப் பூட்டோடு ஆர்.சி.எஸ்.ஸிலும் போயிற்று. அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டார்.